எட்டு சதவீதம் பதினேழானது எப்படி: எக்ஸ்ஐஆர்ஆர் போட்டுப் பார்த்த கதை

2024 பொங்கலுக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்திருந்த மச்சான் கேட்டார்: "அந்த மியூச்சுவல் ஃபண்டுல ஒரு வருஷமா போடுறீங்களே, எவ்வளவு வந்துச்சு?" போட்டது 75,000, இப்போது 81,000 இருக்கிறது என்றேன். மனக்கணக்கில் அவர் கெட்டி. "ஆறாயிரம்னா எட்டு பர்சன்ட். போஸ்ட் ஆபீஸ் ஆர்டியிலேயே 6.7 தர்றாங்க. இந்த ஒண்ணேகால் பர்சன்டுக்கா தினம் சந்தையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கணக்கில் எங்கோ உதைக்கிறது என்று மட்டும் தோன்றியது. 75,000 ரூபாயும் ஒரு வருஷம் முழுக்க உள்ளே இருந்திருந்தால் எட்டு சதவீதம் சரி. டிசம்பரில் போட்ட ஐயாயிரம் உள்ளே இருந்தது வெறும் 31 நாள்தானே?

ஃபண்டுக்கு மாதாமாதம் தானாகப் போகும் தவணையான என் எஸ்ஐபி 5,000, தேதி 5. ஒழுங்காகப் போயிருந்தால் கணக்கு சுலபம். 2023 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நவம்பரிலும் 5ஆம் தேதி ஞாயிறு, ஆகஸ்டில் சனி. அதனால் அந்த மாதங்களில் பணம் 6 அல்லது 7ஆம் தேதிதான் போனது. ஏப்ரலில் கணக்கில் இருப்பு இல்லாமல் தவணை திரும்பிவிட்டது. ஆகஸ்ட் 28 அன்று சீட்டுப் பணம் வந்த கையோடு 20,000 தனியாகப் போட்டேன். ஆக 11 தவணை, ஒரு மொத்தத் தொகை. வருமான வீதம் கண்டுபிடிக்கும் ஐஆர்ஆர் சூத்திரம் ஒவ்வொரு வரிக்கும் இடையே சமமான இடைவெளி இருப்பதாக எடுத்துக்கொள்ளும் என்பதால் இங்கே உதவாது. ஒவ்வொரு தொகையோடும் அதன் தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருஷ வீதத்தைச் சொல்வது எக்ஸ்ஐஆர்ஆர்தான்.

கூகுள் ஷீட்டில் ஏ வரிசையில் தேதி, பி வரிசையில் தொகை. என் பையிலிருந்து போனதெல்லாம் கழித்தல் குறியோடு. கடைசி வரியில் 2024 ஜனவரி 5, அன்றைய மதிப்பு 81,000, இது மட்டும் கூட்டல். முழுப் பணத்தையும் அன்று எடுத்துவிட்டதாகப் பாவனை. குறி போட மறந்து எல்லாமே கூட்டலாக இருந்தால் `#NUM!` என்று வந்து நிற்கும்.

ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு தவணையும் 4,999.75 என்று இருந்தது. மீதி 25 காசு முத்திரைத் தீர்வை, 2020 ஜூலையிலிருந்து பிடிக்கிறார்கள். அதுவும் என் பையிலிருந்து போனதுதான் என்பதால் 5,000 என்றே போட்டேன். விடையில் அதனால் எதுவும் மாறாது, மனசுக்காகத்தான். திரும்பிய ஏப்ரல் தவணைக்கு ஷீட்டில் வரியே போடவில்லை.

```
=XIRR(B2:B14, A2:A14)
```

வந்தது `#VALUE!`. உற்றுப் பார்த்தால் 28/08/2023 என்ற ஒரு தேதி மட்டும் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றவை வலது ஓரத்தில். இடது ஓரம் என்றால் ஷீட் அதைத் தேதியாக அல்ல, எழுத்தாகப் பார்க்கிறது. அதை அழித்து `=DATE(2023,8,28)` என்று போட்டேன். 9.2% என்று விடை வந்துவிட்டது.

மச்சான் சொன்ன எட்டுக்குப் பக்கத்தில்தான். கிட்டத்தட்ட நம்பி மூடியிருப்பேன். ஆனால் ஒரு தேதியை மட்டும் ஏன் எழுத்தாகப் பார்த்தது என்பது உறுத்தியது. தேதிகளின் வடிவத்தை மாற்றி மாதத்தைப் பெயரோடு காட்டச் சொன்னேன். கடைசி வரியில் 1-May-2024 என்றிருந்தது. நான் உட்கார்ந்திருப்பது ஜனவரியில்!

விஷயம் இதுதான். ஷீட் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறது. 05/01 என்றால் அதற்கு மே 1. 05/09 என்றால் மே 9. 28ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்த ஒரு தேதியில் மட்டும் திணறியது. மற்றதையெல்லாம் சத்தமில்லாமல் மாற்றி, என் தவணைகளில் பெரும்பாலானவற்றை மே மாதத்திலேயே குவித்துவிட்டது. பணம் நெடுநாள் உள்ளே இருந்ததாக நினைத்துக்கொண்டு வருமானத்தைக் குறைத்துச் சொன்னது. அந்தச் சீட்டுப் பணம் மட்டும் ஆகஸ்ட் 8 அன்று வந்திருந்தால் பிழைச்செய்தியே வந்திருக்காது.

`File` மெனுவில் `Settings` போய் `Locale` என்பதை `India` ஆக்கினேன். அதற்கு முன் தவறாகப் படித்த தேதிகள் அதனால் திருந்துவதில்லை, எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. இப்போது வந்த விடை 17.22%.

எட்டிலிருந்து பதினேழு என்றதும் எனக்கே சந்தேகம். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ஐஆர்ஆர் சொல்லும் வீதம் உண்மையென்றால், ஒவ்வொரு தவணையையும் அந்த வீதத்தில் அதனதன் நாட்களுக்கு வளர்த்துக் கூட்டினால் 81,000 வர வேண்டும். விடையை `E1` கட்டத்தில் வைத்து சி வரிசையில் இதைப் போட்டு, 13ஆம் வரி வரை இழுத்தேன்:

```
=-B2*(1+$E$1)^(($A$14-A2)/365)
```

ஜனவரியில் போட்ட 5,000 ஒரு முழு வருஷம் இருந்து 5,861 ஆகியிருந்தது. சீட்டுப் பணம் 20,000 அதன் 130 நாளில் 21,164. டிசம்பர் தவணை 31 நாளில் 5,068. பன்னிரண்டையும் கூட்டினால் 81,000. அந்தச் சூத்திரம் உள்ளே செய்வதும் இதைத்தான். ஒரு வீதத்தை ஊகித்து, கூட்டிப் பார்த்து, சரியாகும் வரை ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகிறது.

மச்சானுக்கு இதை விளக்க சூத்திரம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு தொகையையும் அது உள்ளே இருந்த நாட்களால் பெருக்கிக் கூட்டி, 75,000ஆல் வகுத்தேன். சராசரியாக ஒரு ரூபாய் உள்ளே இருந்தது 175 நாள், அரை வருஷம்கூட இல்லை. அரை வருஷத்தில் எட்டு என்றால் வருஷத்துக்குப் பதினாறு பதினேழுதானே. "இதே பணத்தை இதே தேதிகள்ல 6.7க்குப் போட்டிருந்தா ஏறக்குறைய 2,400 ரூபாதான் வந்திருக்கும் மச்சான், ஆறாயிரம் இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அடுத்த வருஷமும் பதினேழு வருமா?" என்றார்.

நல்ல கேள்வி. மதிப்புக் கட்டத்தில் 81,000ஐ 79,000 ஆக்கிக் காட்டினேன். இரண்டாயிரம் குறைவு, சந்தை ஓரிரு நாளில் இறங்கக்கூடிய இறக்கம்தான். 17.2 என்பது 11.4 ஆகிவிட்டது. பணம் உள்ளே இருந்த காலம் குறைவு என்பதால், கடைசி நாள் மதிப்பில் சின்ன அசைவும் வருஷக் கணக்காக நீட்டப்பட்டுப் பெரிதாகத் தெரிகிறது. 2023 நவம்பரிலும் டிசம்பரிலும் சந்தை வேகமாக ஏறியிருந்தது. என் பதினேழில் அந்த இரண்டு மாதத்தின் பங்கு அதிகம்.

அந்த ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். தவணை போனதும் ஒரு வரி சேர்ப்பேன், மதிப்பு வரியைக் கீழே தள்ளி அன்றைய தேதியையும் தொகையையும் மாற்றுவேன், சூத்திரத்தின் எல்லை கடைசி வரி வரை போகிறதா என்று பார்ப்பேன். தேதிகளை எண்ணாக அடிப்பதை விட்டுவிட்டேன், எல்லாமே `DATE` போட்டுத்தான்.