பெயர் கொடுப்பதற்கு முன்

உள்ளகக் கணக்காய்வு முகாமையாளர் பதவியொன்றுக்காக என்னை அணுகிய ஆட்சேர்ப்பு அலுவலர், நான் மறுத்ததும், பொருத்தமான இருவரின் பெயர்களையும் கைத்தொலைபேசி இலக்கங்களையும் அனுப்புமாறு கேட்டிருந்தார்.

நான் உடனே அனுப்பவில்லை. கொழும்பில் எங்கள் துறை சிறியது. ஒருவர் வேலை தேடுகிறார் என்ற கதை, அவர் மதியச் சாப்பாட்டை முடிப்பதற்குள் அவருடைய மேலதிகாரியின் காதுக்கு எட்டிவிடும். ஆகவே, நிறுவனம் எது, சம்பளம் எவ்வளவு, பதவி புதியதா அல்லது யாரேனும் விலகியதால் வெற்றிடமானதா என்று முதலில் கேட்டேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர மற்றவற்றுக்குப் பதில் வந்தது, அது வழமைதான்.

அந்தப் பதிலை வெள்ளவத்தையிலுள்ள என் முன்னாள் சக ஊழியருக்கு அப்படியே அனுப்பி, அவர் சம்மதித்த பின்னரே இவ்வாறு எழுதினேன்: "இவருடன் 4 ஆண்டுகள் பணியாற்றியுள்ளேன். களஞ்சிய இருப்புக் கணக்காய்வில் தேர்ந்தவர். வங்கித்துறை அனுபவம் இல்லை. தயவுசெய்து மாலை 6 மணிக்குப் பின்னர் அழையுங்கள்."

அவரிடம் இல்லாத அனுபவத்தையும் வேண்டுமென்றேதான் குறிப்பிட்டேன். நேர்முகத் தேர்வு வரை சென்ற பின்னர் அது தெரியவந்தால் அவருக்கும் ஆட்சேர்ப்பு அலுவலருக்கும் ஒரு நாள் வீண். நான் கேட்ட மற்றவர் விருப்பமில்லை என்றார். அவர் பெயரைக் குறிப்பிடாமல், "இப்போதைக்கு இவர் ஒருவர்தான்" என்று முடித்துக்கொண்டேன்.