துக்க வீட்டில் ஒரு பிடி பிடித்தவள்

சித்தி மகன் கதை எழுதுகிறான். அனுப்பியிருந்த பக்கம் முழுக்க 'சாப்பிட்டாள், சாப்பிட்டாள்' என்றிருந்தது. "வேற வார்த்தை போட்டுப் பாருடா" என்றேன். போட்டான். வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது வாசித்தும் காட்டினான்.

"கணவனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினாள். கண்ணீர் நிற்கவில்லை. மேசையில் இருந்த ரொட்டியை ஒரு பிடி பிடித்தாள்."

சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "பாவம், அவளுக்கு என்ன பசியோ" என்றார் பெரியம்மா.

"நிறைய சாப்பிட்டான்னுதானே அர்த்தம்? இதுல என்னக்கா சிரிப்பு?" என்று என்னிடம் பாய்ந்தான்.

அர்த்தம் சரிதான். ஆனால் 'ஒரு பிடி பிடித்தாள்', 'வெளுத்துக் கட்டினாள்' என்றெல்லாம் எழுதினால், சாப்பிடுகிறவளை விடக் கதை சொல்கிறவன்தான் முன்னால் வந்து நிற்கிறான், அதுவும் சிரித்துக்கொண்டே. 'கொட்டிக்கொண்டாள்' என்றால் அவனுக்கே அவள்மேல் எரிச்சல். துக்க வீட்டில் இரண்டுமே ஆகாது.

அடுத்து 'கொறித்தாள்' என்று மாற்றினான். கொறிக்க மனம் லேசாக இருக்க வேண்டும். கையும் வாயும் தன்பாட்டுக்கு நடக்கும், பேச்சு வேறெங்கோ ஓடும். பொருளும் உலர்ந்து, சின்னச் சின்னதாக இருக்க வேண்டும். இவனோ அடுத்த பத்தியில் சூப்பையும் கொறிக்க வைத்திருந்தான்! எல்லா வகை உணவையும் குறிக்கும் 'அடிசில்' என்ற பொதுச்சொல்லுக்கு உண்டார், தின்றார் என்று ஒருவகை உணவுக்கான வினையைப் போடாதே, 'அயின்றார்' என்று பொதுவினை போடு என்பார்கள் தொல்காப்பிய உரைகாரர்கள். சூப்பைக் கொறிப்பவளைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

'சுவைத்தாள்' என்றும் ஒரு முயற்சி நடந்தது. சுவைப்பவளுக்கு அவசரமும் இல்லை, கவலையும் இல்லை. புருஷன் போன நிம்மதியில் இருக்கிறாள் என்றால் பொருந்தும். அது வேறு கதை, இன்னும் நல்ல கதைகூட.

கடைசியில் அந்த வரியை இரண்டாக உடைத்தோம். "ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க முடியவில்லை." அழுகை என்ற சொல்லே தேவைப்படவில்லை. முன்னால் இருந்த 'கண்ணீர் நிற்கவில்லை'யை அவனே அடித்துவிட்டான்.

மற்ற இடங்களில் 'சாப்பிட்டாள்' அப்படியே இருக்கட்டும் என்றேன். மறுநாள் அவள் சாப்பிட்டுவிட்டு வங்கிக்குப் போகிறாள். அங்கே கவனம் வங்கியில் இருக்க வேண்டும், அவள் வாயில் இல்லை.

"அப்போ நான் தேடி வச்ச வார்த்தையெல்லாம் வீணாக்கா?" முகம் தொங்கிவிட்டது.

"துக்கம் விசாரிக்க வர்ற பக்கத்து வீட்டுக்காரர் இருக்காரே, அவர் என்ன பண்றார்?"

"சும்மா உட்கார்ந்திருக்கார்."

"அவர் வெளுத்துக் கட்டட்டும்டா."