சிவப்புப் பகுதியில் முள், சிவப்பில் விளக்கு: கார் பழகியபோது நான் குழம்பிய இடம்

எல்.எல்.ஆர். வாங்கிய இரண்டாவது வாரம், மூலக்கடை மேம்பாலத்தில் ஏறும்போது முதல் கியரை மாற்றாமலேயே ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தேன். இன்ஜின் அலறி, பிறகு விட்டுவிட்டு இருமுவதுபோல் குலுங்கவே, ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்து ஏற்றத்திலேயே பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த கன்டெய்னர் லாரியின் ஹாரன் இன்றும் காதில் இருக்கிறது.

"மாஸ்டர், இன்ஜின் போயிடுச்சா?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலம்மா. விளக்கு எதுவும் எரியலயே, முள்ளைப் பாத்தீங்களா?" என்றார்.

அந்த வண்டியின் ஆர்.பி.எம். மீட்டரில் சிவப்புப் பகுதி 6-ஐத் தாண்டித் தொடங்கியது. கீழே x1000 r/min என்றிருந்ததால் அது நிமிடத்துக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சி. முள் அங்கே போனபோது இன்ஜினின் கணினி எரிபொருளைச் சற்று நிறுத்தி, சுழற்சி குறைந்ததும் மீண்டும் கொடுத்தது. குலுங்கல் அதனால்தான் வந்தது. அது பழுது அல்ல, காப்பு. காலைத் தளர்த்தி அடுத்த கியருக்கு மாறினாலே போதும், நிறுத்த வேண்டியதில்லை.

எச்சரிக்கை விளக்கு வேறு வகை. ஆயில் விளக்கு ஓட்டத்தில் சிவப்பாக எரிந்தால் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். எந்தக் கியரிலும் அது சரியாகாது, பாதுகாப்பாக ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். முள் நம் காலுக்கு உடனே பதில் சொல்லும், விளக்கு சொல்லாது. சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைவது சோதனை மட்டுமே.

ஆனால் இந்தக் காப்புக்கு எல்லை உண்டு என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. எரிபொருளை நிறுத்துவதால் இன்ஜின் தானாக வேகமெடுப்பதைத்தான் தடுக்க முடியும். சக்கரங்கள் அதைச் சுழற்றுவதைத் தடுக்க முடியாது. சிறிய கார்களில் முதல் கியரின் விகிதம் சுமார் 3.5, மூன்றாவதன் விகிதம் சுமார் 1.3. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் மூன்றாவதில் 3,000 சுழற்சி என்றால், அதே வேகத்தில் முதல் கியர் விழுந்து கிளட்சை விட்டால் 3,000 × 3.5 ÷ 1.3, ஏறத்தாழ 8,000 ஆகிவிடும். அப்போது வால்வுகள் மூடும் வேகம் போதாமல் பிஸ்டன் அவற்றில் மோதக்கூடும். எரிபொருளே போகாவிட்டாலும் இது நடக்கும். தவறாக விழுந்ததை உணர்ந்த கணமே கிளட்சை முழுதாக மிதிப்பது ஒன்றே வழி.

இந்தத் தவறு பெரும்பாலும் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது நேர்கிறது, ஏனெனில் பதற்றத்தில் கை லீவரை இடப்பக்கம் தள்ளிவிடுகிறது. மாஸ்டர் எனக்குச் சொன்னது, லீவரை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையால் நேராக முன்னே தள்ளுவது. ஸ்பிரிங் அதைத் தானே மூன்று, நான்கின் நடுக்கோட்டில் வைத்திருக்கும். வேகத்தில் லீவர் வழக்கத்தைவிடக் கடுமையாக எதிர்த்தால் நான் அழுத்துவதில்லை, கிளட்சை மிதித்தபடியே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறேன்.