ஆபரேஷன் செய்த கால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள்

அப்பாவின் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்புறம்தான் தொல்லை. வலது கெண்டைக்கால் விறைத்து வீங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் போன் போட்டுக் கேட்டால், "ஆபரேஷன் பண்ணின கால் வீங்கத்தானே செய்யும், தூக்கி வையுங்க" என்று வைத்துவிட்டார்கள். பாதி உண்மை. ஆனால் அந்த வீக்கம் இரவு காலை உயர்த்திப் படுத்தால் வடியும். இது காலையிலும் அப்படியே இருந்தது, தொட்டால் சூடு வேறு.

தையல் டேப்பை எடுத்தேன். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் அளந்தேன். இடது 35, வலது 39. வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் மருத்துவர்களே ரத்தக்கட்டியைச் சந்தேகிப்பார்கள். நேரில் போய் அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் காது கொடுத்தார்கள்.

அங்கேயும் பாருங்கள், பணியில் இருந்தவர் முதலில் எழுதியது, ரத்தக்கட்டி இருக்குமா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை. அதன் அளவு எப்படியும் அதிகமாகத்தான் வரும். ஆபரேஷன் ஆன உடம்பில் கட்டி இல்லாவிட்டாலும் கூடும். காசும் நேரமும் போனதுதான் மிச்சம். டாப்ளர் ஸ்கேன் அறையிலோ, "சீட்டில எந்தக் கால்னு எழுதலையே" என்று திருப்பி அனுப்பினார் அங்கிருந்தவர். மறுபடி வரிசை. ஒரே நிம்மதி, ஸ்கேன் எடுத்த பெண்மணி திரையைத் திருப்பிக் காட்டினார். கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாகி மறைந்துவிடும். முட்டிக்குப் பின்னால் இருந்த சிரை அமுங்கவே இல்லை, உள்ளே ரத்தக்கட்டி.

பெரிய டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி: "மூச்சு இழுக்கும்போது எங்கேயாவது குத்துதா ஐயா?" அப்பா விலாவைக் காட்டினார். வாக்கரைப் பிடித்து நடந்ததால் சதை வலி என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்! உடனே நெஞ்சு சி.டி. ஆஞ்சியோ. நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி.

கால் கட்டி அங்கே எப்படிப் போனது என்று கேட்டேன். காலிலிருந்து தொடை, வயிற்றுப் பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் என்று போகப் போகக் குழாய் அகலமாகிக்கொண்டே போகுமாம். வழியில் கட்டி எங்கும் சிக்காது. நுரையீரலுக்குள்தான் குழாய் கிளை பிரிந்து குறுகுகிறது. அங்கே போய் அடைக்கும். பெரிய கிளையை அடைத்தால் ஆள் சுருண்டு விழுவார். ஓரத்துக் கிளையாக இருந்ததால்தான் அப்பாவுக்கு வெறும் குத்தலோடு போனது.

ரத்தம் உறையாமல் இருக்க முதலில் ஊசி, பிறகு மாத்திரை, குறைந்தது 3 மாதம். மாத்திரை கட்டியைக் கரைக்காது. அது மேலும் வளராமல் பிடித்து வைக்கும், கரைப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். அதனால் வீக்கம் சட்டென்று வடியவில்லையே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையும் கொடுக்க வேண்டாம், ரத்தக்கசிவு வரும். எண்ணெய் போட்டு நீவிவிட வருகிற உறவுக்காரர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.