களி மாதிரி பிரியாணி என்று ஒருவர் எழுதியதும், நான் செய்த கூத்தும்

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சின்னதாக பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒருவர் கூகுளில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு "மட்டன் பிரியாணி களி மாதிரி இருந்தது" என்று எழுதினார். ராத்திரி 11 மணி, கல்லா மூடிவிட்டு அசதியில் அதைப் படித்தவன், நீங்கள் எங்கள் கடைக்கு வந்த ஆளே இல்லை, யாரோ சொல்லி எழுதுகிறீர்கள் என்று பதில் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அவர் தன் ரிவ்யூவைத் திருத்தி எங்கள் கடை பில்லையே படம் எடுத்துச் சேர்த்திருந்தார். தெரிந்தவர்கள் எல்லாம் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே அனுப்பினார்கள்.

அதற்கப்புறம்தான் வீட்டில் உட்கார்ந்து சில விஷயங்களை முடிவு செய்தோம். பதில் எழுதுவது என் மனைவி மட்டும். வந்த அன்றைக்கே எழுதக் கூடாது, இரண்டு நாளைத் தாண்டவும் கூடாது. அந்த இடைவெளியில் பில்லையும் அன்றைக்கு தேக்சா எத்தனை மணிக்கு இறங்கியது என்பதையும் பார்த்துவிட வேண்டும். பதில் மூன்று வரிக்குள், எல்லாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டக் கூடாது, அவருடைய போன் நம்பர், என்ன வாங்கினார் என்பதெல்லாம் பொதுவில் வரக் கூடாது. சாப்பிட்டு வயிறு கெட்டது என்று யாராவது எழுதினால் அங்கே வாதமே கிடையாது, எங்கள் நம்பரைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு அன்றைய கறி எங்கே வாங்கியது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். அழித்துவிடுங்கள், அடுத்த முறை இலவசம் என்று பேரம் பேசுவதும் இல்லை. கூகுள் விதியே அதற்கு இடம் தராது. புகார் பட்டனையும் கண்டபடி அமுக்குவதில்லை. விதியை மீறிய ரிவ்யூவைத்தான் எடுப்பார்கள், யார் சொல்வது உண்மை என்று பஞ்சாயத்து பண்ண வர மாட்டார்கள்.

இதெல்லாம் சரி, ஆனால் பதில் எழுதுவதோடு நின்றிருந்தால் களி களியாகவே இருந்திருக்கும். ஆறு மாத ரிவ்யூவில் ஒன்றும் இரண்டும் ஸ்டார் வாங்கியதை மட்டும் மனைவி ஒரு நோட்டில் எழுதினாள். கூகுள் பக்கத்தில் பார்த்தால் 'சில மாதங்களுக்கு முன்' என்றுதான் காட்டும், தேதி தெரியாது. புது ரிவ்யூ வந்ததும் நமக்கு வரும் மெயிலில் தேதி இருக்கிறது, அதைத் தேடி எடுத்தாள். மொத்தம் 38. அதில் 14 வெறும் ஸ்டார், ஒரு வார்த்தை இல்லை, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மீதி 24-ல் 9 பேர் அரிசி சின்னதாக இருக்கிறது, உருளைக்கிழங்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள், பெரும்பாலும் வங்காள மொழியில். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள். கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்கும், நீள அரிசி இருக்கும். இங்கே நாம் போடுவது சீரகச் சம்பா. அது நம் தப்பு இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லாதது தப்பு. வாசலில் வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு போர்டு வைத்தோம், அந்தப் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது.

இன்னொரு 8 பேர் எழுதியது குழைவு, ஈரம், களி. எட்டில் ஏழு ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டரிடம் கேட்டால் தண்ணீர் அளவு எல்லா நாளும் ஒன்றுதான் என்கிறார், உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. அப்போதுதான் அந்தப் பில் படத்தை மறுபடி பார்த்தேன்: ஞாயிறு, மதியம் 2.10, பார்சல். ஞாயிறு கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் 12 மணிக்கே அறுபது டப்பா கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவோம். ஒரு டப்பாவை எடுத்து 2 மணிக்குத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் பூரா தண்ணீர், சூட்டு ஆவி வெளியே போக வழியில்லாமல் சொட்டிச் சொட்டி, அடியில் சம்பா கட்டியாக ஒட்டிக் கிடந்தது. அந்த மனிதர் சொன்னது அப்படியே நிஜம்.

இப்போது ஆர்டர் சொன்ன பிறகுதான் கட்டுகிறோம். சோற்றைத் தட்டில் பரப்பி இரண்டு நிமிஷம் ஆவி போகவிட்டு, கத்திரிக்காய்த் தொக்கைத் தனிக் கவரில் போட்டுத் தருகிறோம். பழைய பதிலையும் திருத்தி, நீங்கள் சொன்னது சரி, பார்சலை முன்னாலேயே கட்டி வைத்ததுதான் காரணம், நிறுத்திவிட்டோம், உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கவும் என்று மனைவி எழுதினாள். அவர் ஸ்டாரை மாற்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த மாதம் நோட்டில் புதிதாக மூன்று வரி ஏறியிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை பார்சலுக்கு இருபது நிமிஷம் நிற்க வைக்கிறார்கள் என்று. இன்னொரு ஆளை பார்சலுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.