கேள்வி நேரம்

ஜூன் 3, செவ்வாய்
ஆலோசனைக்கு வரும் செவ்வாய்க்கிழமை ஜோடி. கணவரிடமிருந்து இன்றும் உண்மை பாதிதான் வந்தது. முதலில் "வெறும் மெசேஜ்தான் மேடம்." போன வாரம் "ரெண்டு தடவை வெளியே போனோம்." இன்றைக்கு மகாபலிபுரத்தில் அறை. (ஊரை மாற்றியிருக்கிறேன்.) தவணையில் வரும் ஒவ்வொரு உண்மையும் அவளுக்குப் புதுத் துரோகம், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எழுதிக் கொண்டுவரச் சொன்னேன்: எப்போது தொடங்கியது, எங்கெங்கே, எவ்வளவு பணம், யாருக்கெல்லாம் தெரியும், கடைசியாகப் பேசியது எப்போது. படுக்கை விவரம் வேண்டாம். அது தலைக்குள் படமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 5
அவருடைய அம்மா போன். "ஆம்பள, சேத்தக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான். அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

ஜூன் 10
ஒன்றரைப் பக்கம். சீட்டுப் பணம் போன வழியும் அதில் இருந்தது. அந்த வரியைத்தான் அவள் இரண்டு முறை படித்தாள்.
இனி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் கேள்வி நேரம், போனில் அலாரம் வைத்து. மற்ற நேரத்தில் தோன்றும் கேள்விகள் நோட்டுக்குப் போகும். அவர் எழுந்து போகக்கூடாது, "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே" என்று கேட்கக்கூடாது. நேரம் குறிக்காவிட்டால் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேள்வி வரும், பதிலுக்குப் பதில் கத்தல்தான் வரும்.

ஜூன் 12, வியாழன்
இந்த ஜோடியில் தவறியது மனைவி. அவளுக்காகப் பழமொழி சொல்ல யாரும் போன் செய்யவில்லை. கணவருக்குச் சேர்ந்து வாழ விருப்பம். ஆனால் சித்தப்பா கேட்டாராம்: "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" செவ்வாய்க்கிழமைக்காரி மன்னிக்காவிட்டால் கெட்டவள். இவர் மன்னித்தால் கையாலாகாதவர்.

ஜூன் 13
"ஒத்தப் பைசா ஜீவனாம்சம் கிடைக்காது" என்று அவளை மிரட்டியிருக்கிறார்கள். முழுக்க உண்மையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(4), அதன் இடத்தில் வந்த இப்போதைய சட்டத்தின் 144(4), கள்ளத்தொடர்பில் "வாழும்" மனைவிக்குத்தான் ஜீவனாம்சத்தை மறுக்கிறது. எப்போதோ நடந்து முடிந்ததை அந்த வார்த்தைக்குள் நீதிமன்றங்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கணவன் இன்னொருத்தியை வைத்திருந்தால்? மனைவி தனியே இருந்தபடியே பணம் கேட்கலாம், அவ்வளவுதான். அவனிடமிருந்து எதுவும் பறிபோவதில்லை.
2018 செப்டம்பரில் ரத்தான, கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 497-ஐ நினைத்துக்கொண்டேன். தண்டனை இன்னொரு ஆணுக்கு மட்டும், புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு. அவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. ஏமாந்த மனைவிக்கு அந்தப் பிரிவில் இடமே கிடையாது. சட்டம் போய்விட்டது, சித்தப்பா இருக்கிறார்.

ஜூன் 17
போன் பாஸ்வேர்டு. மறுபடியும்.

ஜூன் 24
அவர் தானாகப் போனை நீட்டுவது வேறு, அவள் தூங்கும்போது எடுத்துப் பார்ப்பது வேறு. மூன்று மாதத்துக்குத் திறந்த போன், பிறகு பேசி முடிவு செய்யலாம் என்று வைத்திருக்கிறோம். முடிவுத் தேதி இல்லாவிட்டால் அவள் காவல்காரியாகவே நின்றுவிடுவாள். நேற்று அவர் கேட்காமலே சொன்னாராம்: "அந்த நம்பர்லருந்து மிஸ்டு கால் வந்துச்சு, திருப்பிக் கூப்பிடல." மூன்று வாரத்தில் இதுதான் உருப்படியான முதல் அசைவு.
வியாழக்கிழமைக்காரியின் போன் அவள் அண்ணனிடம் இருக்கிறது. அவள் எதைத் தானாகச் சொல்லி நம்பிக்கை சம்பாதிப்பாள்? கணவரிடம்தான் போன் திரும்ப வரவேண்டும் என்று வியாழனன்று சொல்லவேண்டும்.

ஜூன் 26
வரவில்லை. அவள் நம்பருக்கு அடித்தேன். அண்ணன் எடுத்தார்.