பாலா, ஓட்ஸா? வயிற்றை வைத்து ஒரு சோதனை

மும்பை செம்பூரில் லோக்கல் ரயில் ஏறினால் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும். வண்டியில் கழிவறை கிடையாது. காலையில் ஒரு பெரிய டம்ளர் பாலில் ஓட்ஸ் போட்டுச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. குர்லா வருவதற்குள் வயிறு கடமுடா என்று உருளும், வடாலாவில் இறங்கி ஓடலாமா என்று தோன்றும். ஆபீஸ் போனதும் முதல் வேலை கழிவறை. மதியம் வரை வயிறு உப்பிக்கொண்டே இருக்கும்.

பால்தான் காரணம் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் பல வருடமாகக் கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீ குடிக்கிறேன், மோர் இல்லாமல் சாப்பாடே இல்லை, அப்போதெல்லாம் ஒன்றும் ஆனதில்லையே என்று குழப்பம். கணக்குப் போட்டுப் பார்த்தால் முரண்பாடு இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ், 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம். கட்டிங் சாயில் பால் கொஞ்சம்தான், லாக்டோஸ் இரண்டு கிராம் தேறினால் அதிகம். என் காலை டம்ளர் 300 மில்லி, அதாவது 15 கிராம், அதுவும் வெறும் வயிற்றில். இந்தச் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் சிறுகுடலில் குறைவாக இருந்தால், உடையாத மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகிறது. அளவு குறைவாக இருந்தால் பலருக்குத் தெரியவே தெரியாது.

டாக்டரிடம் போனேன். ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா, தூக்கத்தில் எழுப்பிக்கொண்டு வயிறு போகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் வீட்டுச் சோதனை வேண்டாம், நேரே பரிசோதனைதான் என்றார். இல்லாததால் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: கோதுமையையும் சேர்த்து நிறுத்தாதே. இரண்டும் போய்விட்டால் எது குற்றவாளி என்று தெரியாது. பிறகு கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்ய நேர்ந்தால் அதன் முடிவும் தப்பாக வரலாம்.

அந்த இரண்டு வாரமும் பால், தயிர், பனீர், ஐஸ்கிரீம், பால்கோவா எல்லாம் விலக்கு. நெய் மட்டும் விதிவிலக்கு, அதில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. பிஸ்கட், பிரெட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் பால் பவுடர், வே பவுடர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆபீஸில் யாருக்காவது நல்ல சேதி வந்தால் பேடா டப்பா சுற்றி வரும், அதுதான் பெரிய சோதனை! ஓட்ஸை விடவில்லை, தண்ணீரில் வேகவைத்து அதே அளவு சாப்பிட்டேன். நார்ச்சத்தும் வயிற்றை உப்ப வைக்கும் என்பதால் அதன் மேல் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது. முதல் வாரத்துக்குள்ளேயே வயிறு அடங்கிவிட்டது.

நிறைய பேர் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். பாதிச் சோதனைதான் இது. பால் ஆகாது என்று மனதில் பதிந்துவிட்டால் அந்தப் பயத்துக்கே வயிறு கலங்கும். அதனால் லாக்டோஸ் நீக்கிய பால் ஒரு பாக்கெட் வாங்கினோம். அதுவும் பால்தான், லாக்டோஸை முன்கூட்டியே என்சைம் போட்டு உடைத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் தித்திக்கும், ருசியில் கண்டுபிடித்துவிடலாம். என் கணவர் சாதாரணப் பாலில் மட்டும் சர்க்கரை கலந்து அதற்கு ஈடுகட்டினார். ஒரு சனிக்கிழமை ஒன்று, வயிறு நிதானமான பிறகு இன்னொன்று, இரண்டும் 250 மில்லி, வெறும் வயிற்றில். முகத்தைப் பார்த்து நான் ஊகித்துவிடுவேன் என்று டம்ளரை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

முதல் டம்ளருக்கு ஒரு ஏப்பத்தைத் தவிர எதுவும் இல்லை. இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரத்தில் உருளல், சல்வார் நாடாவைத் தளர்த்த வேண்டிய அளவுக்கு உப்புசம், அப்புறம் நீராகப் போனது. எது எது என்று அவர் சொல்வதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட்டேன். இரண்டாவதுதான் சாதாரணப் பால்.

"நல்லா காய்ச்சினா எல்லாம் சரியாயிடும்டீ" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சினாலும் லாக்டோஸ் போகாது, ஆடை எடுத்தாலும் போகாது. தயிரில் பாக்டீரியா அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் எனக்குத் தயிர் ஒத்துப்போகிறது. பாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் வரை ஏற்றிப் பார்த்தேன், பிரச்சினை இல்லை. ஓட்ஸுக்கு இப்போது லாக்டோஸ் நீக்கிய பால்தான். விலை கொஞ்சம் கூடுதல் என்பதால் வீட்டில் மற்றவர்களுக்குப் பழைய பாக்கெட், எனக்கு இது.